பின்காலுக்கு எவ்வளவு உயரம் வேண்டும்?

ஜிம்மில் பெஞ்சுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு காலைப் பின்னால் மடக்கி அதன் மேல் வைத்துக்கொண்டு, முன்காலை மட்டும் நம்பி உட்கார்ந்து எழுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல்கேரியன் ஸ்ப்ளிட் ஸ்குவாட் என்பது அந்தப் பயிற்சிதான். முன்காலின் தொடைக்கும் பிட்டத்துக்கும் வேலை கொடுப்பதே அதன் நோக்கம். ஆனால் அதைச் செய்துவிட்டு வருகிறவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெஞ்சின் மேல் கிடந்த காலின் தொடை இழுக்கிறது என்பார் ஒருவர். கீழ் முதுகு பிடித்துக்கொண்டது என்பார் இன்னொருவர். கால் விரல்கள் நோகின்றன என்பவரும் உண்டு. வேலை செய்ய வேண்டிய முன்காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு உடம்பில் இல்லை, பெஞ்சின் உயரத்தில் இருக்கிறது. ஜிம்களில் கிடைக்கும் சாதாரண பெஞ்ச் ஏறக்குறைய 45 செ.மீ. உயரம். படுத்துக்கொண்டு பளு தூக்குவதற்காக வைத்த உயரம் அது. பின்காலை வைக்க எத்தனை உயரம் வேண்டும் என்று கணக்குப் போட்டு யாரும் அதைச் செய்யவில்லை. கைக்கு எட்டிய இடத்தில் இருக்கிறது என்பதால் எல்லோரும் அதையே பயன்படுத்துகிறோம். கூடவே, காலை உயரத்தில் வைக்க வைக்க முன்காலுக்குப் பளு கூடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்று பார்க்க, முதலில் எடை இரண்டு கால்களுக்கும் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மூங்கில் கழியில் மூட்டையைக் கட்டி, முன்னும் பின்னுமாக இருவர் தோளில் சுமந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை யார் பக்கம் நெருங்கி இருக்கிறதோ அவர் தோளில்தான் பாரம் அதிகம். இந்தப் பயிற்சியிலும் கணக்கு அதேதான். முன்பாதத்தின் நடுப்பகுதி ஓர் ஊன்றுகோல், பெஞ்சில் பின்கால் படும் இடம் இன்னோர் ஊன்றுகோல். உடலின் எடையும் கையிலுள்ள டம்பெல்களின் எடையும் சேர்ந்த மொத்தப் பாரத்தின் மையம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே விழுகிறது என்பதே பங்கைத் தீர்மானிக்கிறது.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உயரம் 155 செ.மீ., எடை 58 கிலோ. இரண்டு கைகளிலும் 6 கிலோ டம்பெல்கள். ஆக மொத்தம் 70 கிலோ. அவருடைய முன்பாதத்தின் நடுவிலிருந்து பின்கால் படும் இடம் வரை 75 செ.மீ. தூரம். கீழே இறங்கிய நிலையில் பாரத்தின் மையம் முன்பாதத்தின் நடுவுக்கு 12 செ.மீ. பின்னால் இருக்கிறது என்றால், பின்காலுக்குப் போவது 75இல் 12 பங்கு, அதாவது 16 சதவீதம். 70 கிலோவில் சுமார் 11 கிலோ. மீதி 59 கிலோ முன்காலின் மேல். முன்காலையும் பின்காலையும் தனித்தனியாக விசையளக்கும் தட்டுகளில் வைத்து இந்தப் பயிற்சியை அளந்த ஓர் ஆய்விலும் முன்காலின் பங்கு 84 சதவீதத்தை ஒட்டியே வந்தது. எனவே நம் உதாரணம் நடப்புக்குப் புறம்பானது அல்ல.

இப்போது அதே பெண் பின்னால் சாய்ந்து, உடம்பைப் பின்காலின் மேல் போட்டுக்கொண்டு இறங்குகிறார். பாரத்தின் மையம் இன்னும் 10 செ.மீ. பின்னால் போய்விடுகிறது. பின்காலின் பங்கு 16இலிருந்து 29 சதவீதமாகிறது. முன்கால் 59 கிலோவுக்குப் பதில் 50 கிலோவைத்தான் சுமக்கிறது. கையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. உடம்பு ஒரு சாண் தூரம்கூட நகரவில்லை. ஆனாலும் முன்கால் 9 கிலோவை இழந்துவிட்டது.

இந்தக் கணக்கில் பெஞ்சின் உயரம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. பின்கால் பெஞ்சைப் பின்னோக்கி உதைக்காதவரை, முன்காலுக்கு எவ்வளவு போகிறது என்பதைத் தீர்மானிப்பது முன்பின் தூரம்தான், உயரம் அல்ல. பின்காலைத் தரையில் ஊன்றிச் செய்யும் சாதாரண ஸ்ப்ளிட் ஸ்குவாட்டைவிட இதில் முன்கால் அதிகம் உழைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் வேறு. தரையில் விரல்களை ஊன்றியிருக்கும் கால் பலமாகத் தள்ள முடியும். புறங்கால் படியக் கிடக்கும் காலால் அப்படித் தள்ள வசதிப்படாது. தள்ளும் வசதியைப் பறிக்க ஒரு சிறு படி போதும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு அங்குலத்தையும் முன்காலுக்கு நாம் தரும் கூடுதல் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதன் விலையைக் கொடுப்பது பின்கால்.

அந்த விலை என்ன? அதைப் புரிந்துகொள்ளத் தொடையின் முன்பக்கம் ஓடும் ஒரு தசையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்று அதற்குப் பெயர். தொடையின் முன்பக்கத்தில் உள்ள நான்கு தசைகளில் இது மட்டும்தான் முழங்காலோடு இடுப்பு மூட்டையும் தாண்டிப் போய் இடுப்பெலும்பில் பிடித்துக்கொண்டிருக்கிறது. முழங்காலை மடக்கினாலும் இது நீளும், தொடையைப் பின்னால் தள்ளினாலும் நீளும். பல்கேரியன் ஸ்குவாட்டில் பின்கால் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. தசை தன் எல்லையைத் தொட்டதும், மேலே தான் பிடித்திருக்கும் இடுப்பெலும்பை முன்பக்கமாகக் கீழே இழுக்கும். இடுப்பெலும்பு சாய்ந்தால் கீழ் முதுகு வளைந்து குழிவிழும். முதுகு பிடித்துக்கொண்டது என்று பலர் சொல்வது இங்கிருந்து கிளம்பும் வலிதான்.

நம் பெண்ணிடமே திரும்புவோம். அவருக்கு முழங்கால் மூட்டிலிருந்து கணுக்கால் வரை 36 செ.மீ. இருக்கும். புறங்கால் படிய வைக்கும்போது கணுக்கால் மூட்டு பலகைக்கு மேல் 4 செ.மீ. நிற்கும். 45 செ.மீ. பெஞ்சில் வைத்தால் அவர் கணுக்கால் தரையிலிருந்து 49 செ.மீ. உயரத்தில். அங்கிருந்து கீழ்க்காலை நேர்ச்செங்குத்தாகத் தொங்கவிட்டால்கூட முழங்கால் மூட்டு தரைக்கு 13 செ.மீ. மேலேதான் நிற்கும். அதற்குக் கீழே இறங்க அவருக்குக் காலில் நீளம் இல்லை. முழங்காலைத் தரைக்குக் கிட்டத்தில் கொண்டுபோகச் சொல்லும் பயிற்சியாளரும் அதைச் செய்ய முயலும் இவரும் நடக்காத ஒன்றுக்காகப் பாடுபடுகிறார்கள். அந்த 13 செ.மீ.யைத் தொடுவதற்கும் பின்முழங்காலை முற்றாக மடக்கியாக வேண்டும். நடைமுறையில் அதற்கு வெகு முன்பே தசை இழுத்து நிறுத்திவிடும்.

45க்குப் பதில் 30 செ.மீ. உயரத்துக்கு வருவோம். கீழே 5 செ.மீ. கனத்தில் ஒரு மெத்தைத் துண்டு போட்டு முழங்கால் அதை லேசாகத் தொட்டால் போதும் என்று வைத்துக்கொண்டால், தொடை செங்குத்தாக நிற்கும்போது பின்முழங்கால் ஏறக்குறைய 130 பாகை மடங்கும். முடியும், ஆனால் இறுக்கமாக இருக்கும். தொடை நன்றாக நெகிழ்கிறவர்களுக்குச் சரி. 20 செ.மீ.க்கு இறக்கினால் மடக்கு 113 பாகையளவுக்கு வந்துவிடும். இங்கே தசைக்கு இடம் மிச்சம் இருக்கிறது. இடுப்பெலும்பு நிமிர்ந்து நிற்கும், முதுகு தன் வழக்கமான வடிவில் இருக்கும். முன்கால் சுமக்கும் பங்கோ ஏறக்குறைய அதேதான்.

ஆகவே உயரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது பின்காலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான். என் அனுபவத்தில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுப்பகுதி, அதாவது கெண்டைக்காலின் நடு உயரம், தொடங்குவதற்கு நல்ல அளவு. 155 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 20 முதல் 25 செ.மீ. வரை வரும். 180 செ.மீ. உயரமுள்ளவருக்கு 30 செ.மீ.க்குக் கிட்டத்தில் வரும். அந்த நெட்டையானவர் ஜிம் பெஞ்சில் செய்து காட்டியதைப் பார்த்துத்தான் குட்டையானவர்களும் அதே பெஞ்சில் செய்கிறார்கள். முழங்காலுக்கு மேற்பட்ட உயரம் யாருக்குமே தேவையில்லை.

பாதத்தை எப்படி வைக்கிறோம் என்பதும் உயரத்தை மாற்றும் என்பது பலர் கவனிக்காத விஷயம். ஷூ கயிறு பலகையைத் தொடும்படி புறங்காலைப் படிய வைப்பது ஒரு வகை. விரல்களை மடக்கி ஊன்றி, குதிகாலை மேலே நிறுத்துவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் கணுக்கால் பலகையிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் கூடுதலாக எழும்பிவிடும். 20 செ.மீ. பலகை 30 செ.மீ. பலகையைப் போல நடந்துகொள்ளும். விரல் ஊன்றினால் நிலைதடுமாறாமல் நிற்கலாம் என்பது உண்மைதான். ஆனால் காலுக்குத் தள்ளும் வசதியும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அதனால் விரல் ஊன்றுகிறவர்கள் பலகையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். புறங்காலைப் படிய வைப்பவர்கள், பலகையின் விளிம்பு கணுக்கால் வளைவில் வரும்படி வைத்தால் எலும்பில் குத்தாது. விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். சில ஜிம்களில் இதற்காகவே பஞ்சு சுற்றிய உருளை பொருத்திய ஸ்டாண்ட் இருக்கும். உயரத்தை மாற்ற முடிகிற ஸ்டாண்டாக இருந்தால் அதுவே உத்தமம்.

வீட்டில் செய்கிறவர்கள் மாடிப்படியின் முதல் படியைப் பயன்படுத்தலாம். 15 முதல் 18 செ.மீ. உயரம் இருக்கும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்கும். உயரம் போதவில்லையென்று இரண்டாம் படிக்குப் போகாதீர்கள். பின்முழங்கால் இறங்க வேண்டிய இடத்தில் முதல் படி நீட்டிக்கொண்டிருக்கும், முழங்கால் அதில்தான் போய் இடிக்கும். இன்னும் உயரம் வேண்டுமென்றால் சுவரோடு ஒட்டி வைத்த கனமான மரப்பலகையோ தாழ்வான மர ஸ்டூலோ போதும். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். பின்காலின் சிறு உதைப்புக்கே அது கவிழ்ந்துவிடும். சோபாவில் கால் புதைந்து நிலை தடுமாறும், பெரும்பாலான சோபாக்கள் உயரமும் கூட.

அடுத்தது முன்பாதத்தை எங்கே வைப்பது. பெஞ்ச் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, குதிகால் படும் இடத்தில் முன்பாதத்தை வைத்து எழுந்து நில் என்று ஜிம்களில் சொல்லித்தருவார்கள். மோசமான வழி அல்ல. பெஞ்சின் உயரத்தைத் தாழ்த்தினால் மட்டும் இந்த அளவு தப்பிப்போகும். நான் பரிந்துரைப்பது கீழிருந்து தொடங்கும் முறை. பின்பாதத்தைப் பலகையில் வைத்து, பின்முழங்காலை மெத்தைத் துண்டின் மேல் ஊன்றி மண்டியிடுங்கள். உடம்பு பின்முழங்காலுக்கு நேர் மேலே நிமிர்ந்திருக்கட்டும். இப்போது முன்பாதத்தை, முன்முழங்கால் பாதத்தின் நடுவுக்கு மேல் வரும்படி தரையில் பதியுங்கள். இரண்டு பாதங்களுக்கும் இடையே பக்கவாட்டில் இடுப்பகல இடைவெளி இருக்கட்டும். ஒரே கோட்டில் வைத்தால் கயிற்றின் மேல் நிற்பதுபோல் ஆடும், பலம் தீருவதற்குள் நிலை தவறிவிடும். பிறகு உடம்பைச் சற்றே முன்னுக்குச் சாய்த்து, முன்பாதம் முழுவதையும் தரையில் அழுத்தி எழுந்திருங்கள். எழுந்து நின்றபோது பாதங்கள் எங்கே இருக்கின்றனவோ அதுதான் உங்கள் அளவு. முன்பாதம் இருக்கும் இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

இந்த அளவிலிருந்து முன்பாதத்தை நாலைந்து செ.மீ. முன்னோ பின்னோ நகர்த்தினால் பயிற்சியின் குணமே மாறும். முன்தொடை தரைக்கு இணையாக இருக்கும் கீழ்நிலையை மனதில் பாருங்கள். முழங்காலிலிருந்து இடுப்பு மூட்டு வரை தொடை நீளம் சுமார் 40 செ.மீ. தரை முன்பாதத்தை மேல்நோக்கித் தள்ளும் விசை இந்த 40 செ.மீ.க்குள் ஏதோ ஓரிடத்தைக் கடந்து போகிறது. அது துல்லியமாகச் செங்குத்தாக இராது, சற்றே பின்னால் சாய்ந்திருக்கும். அந்த விசை முழங்காலுக்கு 10 செ.மீ. பின்னால் போனால் இடுப்பு மூட்டுக்கு அது 30 செ.மீ. முன்னால் இருக்கிறது. முழங்காலை நிமிர்த்தும் முன்தொடைத் தசைகளுக்கு 10, இடுப்பை நிமிர்த்தும் பிட்டத் தசைக்கும் பின்தொடைத் தசைகளுக்கும் 30 என்று வேலை பிரியும். பாதத்தைப் பெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து, முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னே போகும்படி, உடம்பை நிமிர்த்தி இறங்கினால் இது 18க்கு 22 என்று மாறலாம். எப்படிச் செய்தாலும் கூட்டுத்தொகை தொடையின் நீளம்தான். ஒன்றுக்குக் கூட்டினால் மற்றதற்குக் குறையும்.

முழங்கால் விரல்களைத் தாண்டக் கூடாது என்ற பழைய எச்சரிக்கைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தாண்டினால் முன்தொடைக்கும் முழங்கால் மூட்டுக்கும் பங்கு கூடுகிறது. முன்தொடையை வளர்க்க விரும்புகிற, மூட்டில் தொல்லையில்லாத ஒருவருக்கு அது வேண்டியதே. முழங்கால் சில்லைச் சுற்றி வலி இருப்பவர் பாதத்தை முன்னே நகர்த்தி, உடம்பைச் சாய்த்துச் செய்தால் சுமை இடுப்புப் பக்கம் போகும். ஆனால் எந்த வகையிலும் முன்குதிகால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. கிளம்பினால் பாதம் மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம்.

இனி, முன்கால் உண்மையிலேயே எவ்வளவு சுமக்கிறது என்று வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். உடல் எடை பார்க்கும் முள் வைத்த மெஷினை முன்பாதத்துக்கு அடியில் வையுங்கள். டிஜிட்டல் மெஷின்களில் பல முதலில் வந்த எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு மாறாமல் நின்றுவிடும், அதனால் முள் மெஷினே நல்லது. டம்பெல் வேண்டாம், சுவரையும் தொடக் கூடாது. கீழே இறங்கி, பின்முழங்கால் மெத்தையைத் தொடாமல் மூன்று விநாடி நில்லுங்கள். முள்ளை இன்னொருவர் படிக்கட்டும். நீங்களே குனிந்து பார்த்தால் தலையோடு எடையும் முன்னே வந்து எண் ஏறிவிடும். 58 கிலோ உள்ளவருக்கு முள் 46 முதல் 50 வரை காட்டினால் முன்கால் தன் வேலையைச் செய்கிறது. 40க்குக் கீழே காட்டினால் பின்கால் கூட்டாளியாகிவிட்டது. அப்போது பலகையை உயர்த்தத் தோன்றும். உயர்த்த வேண்டாம். மார்பைச் சற்று முன்னே கொண்டுவந்து மறுபடி பாருங்கள், முள் ஏறும்.

மெஷின் இல்லாவிட்டாலும் உடம்பு சொல்லும். மறுநாள் காலையில் பின்னால் வைத்த காலின் முன்தொடை வலித்தால் ஒன்று உயரம் அதிகம், அல்லது உடம்பு பின்னால் கிடந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய, பளு இல்லாமல் கீழ்நிலையில் நின்று பிட்டத்தை இறுக்கிப் பாருங்கள். முதுகுக் குழி மறையாமல், பின்தொடையின் முன்பக்கம் கயிறுபோல் விறைத்தால் உயரம்தான் காரணம். பலகையை 5 செ.மீ. இறக்கினால் போதும்.

பளுவைப் பற்றி ஒரு கணக்கு. நம் பெண் இரண்டு 6 கிலோ டம்பெல்களோடு முன்காலில் 59 கிலோ சுமக்கிறார். இரண்டு கால்களிலும் சமமாக நின்று செய்யும் சாதாரண ஸ்குவாட்டில் ஒரு காலுக்கு 59 கிலோ வர வேண்டுமென்றால் மொத்தம் 118 கிலோ வேண்டும். அவர் எடை போக 60 கிலோ பார்பெல்லைத் தோளில் ஏற்ற வேண்டும். முதுகெலும்பு 12 கிலோவைத் தாங்கும்போதே கால் இவ்வளவு உழைப்பதுதான், அமெரிக்காவில் மைக் பாயில் போன்ற பயிற்சியாளர்கள் விளையாட்டு வீரர்களுக்குப் பார்பெல் ஸ்குவாட்டுக்குப் பதிலாக இதைக் கொடுத்ததற்குக் காரணம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் இளம் ரக்பி வீரர்களை இரு பிரிவாக்கி 5 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குப் பார்பெல் ஸ்குவாட், இன்னொன்றுக்கு இது. கால் வலிமையில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள்.

இந்த ஒப்பீட்டை அப்படியே நம்பி 60 கிலோ தூக்கியதற்குச் சமம் என்று எழுதி வைத்துக்கொள்ள முடியாது. இறங்கும் ஆழம், முழங்காலும் இடுப்பும் வேலையைப் பங்கிடும் விதம் எல்லாம் இரண்டிலும் வேறு. முதல் சில வாரங்களில் தொடை சோர்வதற்கு முன்பே சமநிலை போய்விடும். அதுவரை ஒரு கையால் சுவரையோ கைப்பிடியையோ லேசாகத் தொட்டுக்கொண்டு, மறுகையில் மட்டும் டம்பெல் பிடிப்பது நல்லது. பலம் குறைந்த காலில் முதலில் 8 முறை, பிறகு மற்றக் காலில் அதே 8 முறை, அதற்கு மேல் முடிந்தாலும் நிறுத்திக்கொள்ள வேண்டும். 12 முறை ஆடாமல் செய்ய முடிந்த பிறகு கைக்கு 1 அல்லது 2 கிலோ கூட்டலாம். உயரத்தையும் பளுவையும் ஒரே நாளில் கூட்ட வேண்டாம். அப்படிச் செய்தால் மறுநாள் வரும் வலி எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.